ஸ்லைடு மாறும் இடத்தில் நின்று ஸ்கிரிப்டைப் பாருங்கள்

வகுப்புக்கு ஆறு நிமிட வீடியோ பிரசன்டேஷன் ஒன்று தயாரிக்க வேண்டும். மாணவர் ஸ்கிரிப்டை எழுதி முடித்துவிட்டு, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று நம்மிடம் கொடுக்கிறார். பெரும்பாலும் நாம் உட்கார்ந்து அதைப் படிப்போம். நாலு எழுத்துப்பிழையைத் திருத்துவோம், இரண்டு வாக்கியத்தைச் சீராக்குவோம், நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்போம். கட்டுரைக்கு அது சரி. ரெக்கார்டு செய்யப்போகும் ஸ்கிரிப்டுக்கு அது போதாது, ஏனென்றால் அதை யாரும் படிக்கப்போவதில்லை. காதால் கேட்கப்போகிறார்கள், கேட்கிற அதே நேரத்தில் கண் ஒரு ஸ்லைடை மேய்ந்துகொண்டிருக்கும்.

வகுப்பில் நேரில் பேசுகிறவருக்கு எதிரே முகங்கள் இருக்கின்றன. புரியவில்லை என்றால் புருவம் சுருங்கும், பேசுகிறவர் நின்று இன்னொரு முறை சொல்வார், படத்தருகே போய் விரலால் தொட்டுக் காட்டுவார். ரெக்கார்டிங்கில் இந்த மூன்றும் கிடையாது. நிற்பது, திரும்பச் சொல்வது, சுட்டிக் காட்டுவது எல்லாவற்றையும் ஸ்கிரிப்டே முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும். அதைச் செய்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. வேகம், வழிகாட்டும் வாக்கியங்கள், ஸ்லைடோடு பொருத்தம் என்று மூன்று பெயரில் இதைப் பிரித்துச் சொல்வார்கள். நடைமுறையில் மூன்றும் ஒரே இடத்தில்தான் அதிகமாகச் சறுக்குகின்றன: ஒரு ஸ்லைடு முடிந்து அடுத்தது வருகிற இடத்தில்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம். குன்னூரில் படிக்கும் முதலாண்டுக் கல்லூரி மாணவி ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட். தலைப்பு, 'நீலகிரி மலை ரயில் ஏன் பல்தண்டவாளத்தில் ஏறுகிறது?' பல்தண்டவாளம் என்றால், என்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்காக நடுவில் போட்ட, பற்கள் உள்ள தண்டவாளம். எட்டு ஸ்லைடுகள். தலைப்பு, வரலாறு, பாதையின் வரைபடம், சாதாரணச் சக்கரம் ஏன் வழுக்கும், பல்தண்டவாளத்தின் படம், என்ஜின், இறக்கத்தில் பிரேக், முடிவு என்று போகிறது. விஷயம் சரியாக இருக்கிறது. தமிழும் நன்றாக இருக்கிறது. படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் கடிகாரம்

ஸ்கிரிப்டில் மொத்தம் 780 சொற்கள். ஆறு நிமிடத்துக்கு இது அதிகமா, குறைவா?

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. பல மாணவர்கள் அதைத் தமிழுக்கும் போட்டுப் பார்த்து, 780 சொற்கள் ஆறு நிமிடத்தில் அடங்கிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அடங்காது. தமிழில் உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. 'ஏறிக்கொண்டிருந்தபோதுகூட' என்பது கம்ப்யூட்டரின் எண்ணிக்கையில் ஒரே சொல்தான், ஆனால் வாயில் அது ஒரு சின்ன வாக்கியத்தின் நேரத்தை எடுக்கும். எண்கள் இன்னும் மோசம். '1899' என்று டைப் செய்தால் ஒரு சொல். வாய்விட்டுச் சொன்னால் 'ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது'. வரலாற்று ஸ்லைடில் இப்படி நாலு ஆண்டுகள் வந்தால், எண்ணிக்கையில் தெரியாத பத்து விநாடி அங்கே ஒளிந்திருக்கும்.

ஆகவே பொதுக்கணக்கை விட்டுவிட்டு, பேசப்போகிறவருடைய வேகத்தையே அளப்பது நல்லது. ஸ்கிரிப்டின் நடுவிலிருந்து 100 சொற்களை எடுத்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் படிக்கச் சொல்லுங்கள். தொடக்கப் பகுதியை எடுக்க வேண்டாம், அதை அவர் பலமுறை படித்துப் பழகியிருப்பார், அளவு வேகமாக வரும். இந்த மாணவிக்கு 100 சொற்களுக்கு 67 விநாடி ஆனது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 90 சொல், விநாடிக்கு ஒன்றரை. அந்த வேகத்தில் 780 சொற்களுக்கு எட்டு நிமிடம் நாற்பது விநாடி ஆகும்.

"மிஸ், மெதுவாப் பேசினா நேரம் தாண்டுது. வேகமாப் பேசினா எனக்கே புரியல. என்ன பண்றது?" என்று கேட்டார்.

"வேகத்தைத் தொடாதம்மா. எந்த ஸ்லைடுக்கு எத்தனை சொல்னு மொதல்ல எண்ணிட்டு வா."

எண்ணியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. வரலாற்று ஸ்லைடுக்கு 190 சொற்கள். சக்கரம் ஏன் வழுக்கும் என்பதற்கு 70. பல்தண்டவாளத்தின் படத்துக்கு 60. தலைப்பே 'ஏன் பல்தண்டவாளம்' என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற இரண்டு ஸ்லைடுகளுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம்கூட இல்லை, 1899இல் குன்னூர் வரை ரயில் வந்ததையும் 1908இல் உதகைக்கு நீண்டதையும் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததையும் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல். வரலாறு எழுத எளிது, ஆண்டுகள் கிடைக்கின்றன, வாக்கியம் தானாக வருகிறது. ஒரு பொறியமைப்பை விளக்குவது கடினம், அதனால் அங்கே சொல் குறைந்துபோகிறது. புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லோரிடமும் நான் பார்ப்பது இதைத்தான்: எளிதான இடம் நீள்கிறது, கடினமான இடம் சுருங்குகிறது. கேட்பவருக்கு வேண்டியது இதற்கு நேரெதிர்.

மொத்த நேரம் மட்டும் பார்த்திருந்தால் எல்லா ஸ்லைடிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டச் சொல்லியிருப்போம். அப்போது பல்தண்டவாளத்துக்கு இருக்கிற 60 சொல் 40 ஆகியிருக்கும்.

இனி எத்தனை சொற்கள் இருக்கலாம் என்று கணக்குப் போடுவோம். ஆறு நிமிடம் என்றால் 360 விநாடி. ஏழு இடத்தில் ஸ்லைடு மாறுகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி மௌனம் வேண்டும், கண் புதிய ஸ்லைடை ஒருமுறை சுற்றி வருவதற்கு. அது 14 விநாடி. பல்தண்டவாளப் படத்திலும் என்ஜின் படத்திலும் பேசாமல் பார்க்கவிடும் நேரம் ஒரு 20 விநாடி. மீதி 326. விநாடிக்கு ஒன்றரைச் சொல் வீதம் சுமார் 490 சொற்கள். மௌனத்தையும் கணக்கில் சேர்ப்பது அவசியம். பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் மௌனத்துக்கு இடமே வைக்காமல் எழுதப்படுகின்றன. அப்புறம் ரெக்கார்டிங்கில் மூச்சு வாங்குகிறது.

புதிய பங்கீடு இப்படி வந்தது: வரலாறு 60, வழுக்கும் சிக்கல் 90, பல்தண்டவாளம் 120, என்ஜின் 70, மற்றவை எல்லாம் சேர்த்து 150. ஸ்கிரிப்டில் 290 சொற்கள் குறைந்தன, ஆனால் பல்தண்டவாளப் பகுதி இரண்டு மடங்கானது.

சொல்லை எண்ணுவதோடு இன்னொன்றையும் எண்ண வேண்டும், புதிய விஷயங்களை. என்ஜின் ஸ்லைடில் முதலில் 110 சொற்கள் இருந்தன. அவ்வளவு நீளம் இல்லைதான். ஆனால் அதற்குள் சிலிண்டர், உயரழுத்தம், தாழழுத்தம், கூட்டு விரிவு, ஸ்விட்சர்லாந்தில் தயாரான எக்ஸ் வகை என்று ஐந்து புதுச் சங்கதிகள். எவ்வளவு நிதானமாகப் படித்தாலும் அது கேட்பவருக்கு வேகம்தான். ஒரு நிமிடத்துக்குள் புதிதாக இரண்டு விஷயம் வந்தால் பிடித்துக்கொள்ளலாம், ஐந்து வந்தால் நழுவும் என்பது என் அனுபவம். கடைசியில் அந்த இடம் இப்படி ஆனது: "இந்த என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு, சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மற்ற இரண்டும் நடுவில் இருக்கும் பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன." 'ஏன் பல்தண்டவாளம்' என்ற கேள்விக்கு அதற்கு மேல் தேவையில்லை. அழுத்த வேறுபாடு நல்ல விஷயம்தான், வேறொரு பிரசன்டேஷனுக்கு.

வழிகாட்டும் வாக்கியங்கள்

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இது எத்தனையாவது வளைவு, மொத்தம் எத்தனை என்று பலகை சொல்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. ஸ்கிரிப்டில் இந்த வேலையைச் செய்கிற வாக்கியங்களை வழிகாட்டும் வாக்கியங்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம், தலைப்புகள் கண்ணில் படும். வீடியோ கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. பின்னால் இழுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். தான் வழி தவறிவிட்டோம் என்று தெரிந்தவர்தான் இழுத்துப் பார்ப்பார். பலருக்கு அது தெரிவதேயில்லை, ஏதோ மங்கலாகப் போகிறது என்று விட்டுவிடுவார்கள்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எழுதிய பகுதியின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். எட்டு ஸ்லைடு என்றால் பதினாறு வாக்கியம். அதை மட்டும் விஷயம் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டி, இது எதைப் பற்றி, எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அவரால் கதையைச் சொல்ல முடிந்தால் வழிகாட்டிகள் வேலை செய்கின்றன.

மாணவியின் ஸ்கிரிப்டில் இப்படி எடுத்தபோது முதல் வாக்கியங்கள் எல்லாம் ஒரே அச்சில் இருந்தன. "அடுத்ததாகப் பாதையைப் பற்றிப் பார்க்கலாம்." "அடுத்ததாகச் சக்கரம் வழுக்குவதைப் பற்றிப் பார்க்கலாம்." "அடுத்ததாகப் பல்தண்டவாளத்தைப் பற்றிப் பார்க்கலாம்." இது பலகை போலத் தெரிந்தாலும் பலகை இல்லை. அடுத்தது வருகிறது என்று சொல்கிறதே தவிர, ஏன் அது அடுத்தது என்று சொல்லவில்லை. ஸ்லைடுகளின் வரிசையை மாற்றிப்போட்டாலும் இந்த வாக்கியங்கள் அப்படியே பொருந்தும். எங்கே வைத்தாலும் பொருந்துகிற வழிகாட்டி எதையும் காட்டவில்லை என்று அர்த்தம்.

மாற்றி எழுதியபோது, ஒரு ஸ்லைடின் கடைசி வாக்கியம் ஒரு கேள்வியை மிச்சம் வைத்தது, அடுத்த ஸ்லைடின் முதல் வாக்கியம் அதைப் பிடித்துக்கொண்டது. வரைபட ஸ்லைடின் முடிவு: "கல்லாறு முதல் குன்னூர் வரைதான் செங்குத்தான பகுதி. சில இடங்களில் 12 மீட்டர் முன்னேறுவதற்குள் ரயில் சுமார் 1 மீட்டர் உயர வேண்டும்." அடுத்த ஸ்லைடின் தொடக்கம்: "இந்த ஏற்றத்தில் சாதாரண ரயில் சக்கரம் என்ன ஆகும்?" அந்த ஸ்லைடு, எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் குறைவு என்பதையும், மழையில் அது இன்னும் குறையும் என்பதையும் சொல்லி முடிகிறது: "ஆக, சக்கரத்தின் பிடியை மட்டும் நம்பி ஏற முடியாது. வேறு எதையாவது பிடித்துக்கொண்டாக வேண்டும்." அதற்கடுத்து பல்தண்டவாளம் வருகிறது. இங்கே வரிசையைக் கலைக்கவே முடியாது.

ஆறு நிமிட வீடியோவுக்குப் பொருளடக்க ஸ்லைடு ஒன்று போட்டு, "முதலில் வரலாறு, இரண்டாவதாகப் பாதை" என்று அரை நிமிடம் வாசிப்பது வேண்டாம். தொடக்கத்தில் ஒரு கேள்வி, நடுவில் ஒருமுறை "இதுவரை சிக்கலைப் பார்த்தோம், இனி அதற்குக் கண்ட தீர்வு" என்று ஒரு வரி. அவ்வளவு போதும். நாற்பது நிமிடப் பாடத்துக்கு இந்தக் கணக்கு வேறு. இன்னொன்று: தொடக்கத்தில் 'மூன்று காரணங்கள்' என்று சொல்லிவிட்டு, உள்ளே போனால் இரண்டுதான் இருக்கும், அல்லது மூன்று இருந்தும் எது மூன்றாவது என்று தெரியாது. கொடுத்த வாக்குறுதிகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் எங்கே நிறைவேறுகிறது என்று தேடிப் பாருங்கள்.

கண் எங்கே இருக்கிறது?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. இதற்கு ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாக மாற்ற வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடதுபக்கம் அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிகிறது, வலதுபக்கம் என்ன பேசப்படுகிறது என்று நேருக்கு நேர் எழுத வேண்டும். கிளிக் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு குறி. கட்டுரை போல ஒரே தொடர்ச்சியாக எழுதிய ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு பொருத்தத்தை மதிப்பிடவே முடியாது, எந்தச் சொல்லின்போது எந்தப் படம் என்று அதில் தெரியாதே.

இப்படி எழுதியதும் மூன்று வகையான பொருந்தாமை கண்ணில் படும்.

ஒன்று, ஸ்லைடில் இருப்பதையே அப்படியே வாசிப்பது. வரலாற்று ஸ்லைடில் ஆறு முழு வாக்கியங்கள், ஸ்கிரிப்டிலும் அதே ஆறு வாக்கியங்கள். கண் வாயைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டுக் காத்திருக்கும், காது பின்னால் வரும், இரண்டுக்கும் ஒத்துப்போகாது. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்: படமும் பேச்சும் மட்டும் கொடுத்தால் கற்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் போட்டால் பொதுவாகப் புரிதல் குறைகிறது. இதற்கு ஒரு வரம்பு உண்டு, நம் மலையில் அது முக்கியம். இங்கே வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மலையாளம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய கலைச்சொல் ஒன்று காதில் மட்டும் விழுந்தால் அவர்களுக்கு அது நிற்காது. அதனால் 'பல்தண்டவாளம்', 'பற்சக்கரம்' போன்ற முக்கியச் சொற்கள் திரையிலும் எழுத்தாக வர வேண்டும். முழு வாக்கியம்தான் வேண்டாம்.

இரண்டு, திரை ஒன்றைச் சொல்ல, குரல் வேறொன்றைச் சொல்வது. இது முதலாவதைவிட மோசம், கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் பெரும்பாலும் வேறுபாடு சின்னது. ஸ்லைடில் 'நீளம் 46 கி.மீ.' என்று இருந்தது. ஸ்கிரிப்டில் "நாற்பத்தைந்து புள்ளி எட்டு எட்டு கிலோமீட்டர்". இரண்டும் சரிதான், முன்னது முழுமையாக்கிய எண். ஆனால் கேட்பவர் ஒரு கணம் 'எது சரி?' என்று நின்றுவிடுவார், அதற்குள் அடுத்த வாக்கியம் போயிருக்கும். அதேபோல ஸ்லைடில் 'பற்சட்டம்' என்று எழுதி, குரலில் 'பல்தண்டவாளம்' என்று சொல்லி, இன்னோரிடத்தில் 'ராக்' என்றால், முதல்முறை கேட்பவர் மூன்று வெவ்வேறு பாகங்கள் என்று நினைத்துக்கொள்வார். ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள்.

மூன்று, குரல் சுட்டுவது திரையில் எங்கே என்று தெரியாமல் போவது. ஸ்கிரிப்டில் 'இங்கே', 'இது', 'இந்த', 'இப்படி' என்று வருகிற ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேரே இடதுபத்தியில் ஏதாவது நடக்க வேண்டும்: ஓர் அம்பு தோன்ற வேண்டும், ஒரு பாகம் நிறம் மாற வேண்டும், அல்லது "நடுவில்", "சிவப்பாக இருப்பது" என்று குரலே இடத்தைச் சொல்ல வேண்டும். எதுவும் இல்லாத வட்டம், நீட்டுகிற விரல் இல்லாத இடம்.

இறக்க ஸ்லைடில் இப்படி ஒன்று இருந்தது. "இங்கே என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுவதைப் பார்க்கலாம்" என்று குரல் சொல்கிறது. பல்தண்டவாளப் பகுதியில் ஏறும்போது என்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் இருக்கும், இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடாமல் அதுவே தாங்கிக்கொள்ளும். நல்ல விஷயம். ஆனால் ஸ்லைடில் இருந்த புகைப்படத்தில் எந்தப் பக்கம் ஏற்றம், ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியவில்லை. குன்னூரில் வளர்ந்த மாணவிக்குப் பார்த்தவுடன் தெரியும். ரயிலைப் பார்த்திராதவருக்கு அந்தப் படத்தில் என்ஜின் முன்னால் இழுப்பது போலத்தான் இருக்கும். மேல்நோக்கி ஓர் அம்பும் 'குன்னூர்' என்ற சொல்லும் போட்டதும் சரியானது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் விவரிப்பு எல்லாம் முன்னால் வரும், எதை விவரிக்கிறோமோ அது கடைசியில் வரும். எழுத்தில் இதில் சிக்கல் இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பவருக்கு இது பெரிய சிக்கல். மாணவி முதலில் எழுதியது:

> இரண்டு சாதாரணத் தண்டவாளங்களுக்கு நடுவில், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றொன்றின் இடைவெளி வருமாறு பொருத்தப்பட்டு, என்ஜினின் அடியில் சுழலும் பற்சக்கரம் எப்போதும் ஏதேனும் ஒரு பல்லைப் பிடித்திருக்க உதவுகிற, ரோமன் ஆப்ட் என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் வடிவமைத்த இரட்டைப் பட்டைகளே பல்தண்டவாளம் ஆகும்.

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் 'பல்தண்டவாளம்' என்ற சொல் வருவதற்குச் சுமார் இருபது விநாடி ஆகிறது. அதுவரை கண் படத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அலைகிறது. மாற்றி எழுதியது:

> படத்தின் நடுவில் பாருங்கள். (கிளிக்: நடுப்பட்டைகள் சிவப்பாகின்றன) இதுதான் பல்தண்டவாளம். ஒன்றல்ல, இரண்டு பட்டைகள், பக்கத்துப் பக்கத்தில். (இரண்டு விநாடி மௌனம்) ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி இருக்கிறது. (கிளிக்: அம்பு) ஏன் இப்படி? என்ஜினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது, பக்கத்துப் பட்டையின் பல்லை ஏற்கெனவே பிடித்திருக்கும். பிடி ஒரு கணம்கூட விடுபடாது.

முதலில் எங்கே பார்ப்பது, அப்புறம் அதன் பெயர், அப்புறம் அது என்ன செய்கிறது. இந்த வரிசை ஒன்றை மட்டும் திருத்தினாலே பாதிப் படவிளக்கங்கள் தெளிந்துவிடும். ஆப்டின் பெயர் எங்கே போனது? ஒரு வரியாக ஸ்லைடின் அடியில். அதைக் குரலில் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக இரண்டு முறை

திருத்திய ஸ்கிரிப்டை மாணவி ஒரு முறை முழுதாகப் பேசி, செல்போனில் பதிவு செய்தார். இது ஒத்திகைப் பதிவு, ஒப்படைக்க அல்ல. அதை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். முதலில் ஸ்லைடு இல்லாமல் ஒலியை மட்டும் கேளுங்கள். கதை அறுகிற இடங்கள் வழிகாட்டி இல்லாத இடங்கள். அடுத்து ஒலியை நிறுத்திவிட்டு, ஸ்லைடுகளை அதே நேரக்கணக்கில் மாற்றிக்கொண்டே பாருங்கள். ஒரே எழுத்து ஸ்லைடு ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றால், அதில் பேச்சு அதிகம், அல்லது அந்த ஸ்லைடை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பல்தண்டவாளப் படம் ஒன்றரை நிமிடம் நின்றது, ஆனால் அதற்குள் கிளிக்குகள் இருந்ததால் கண்ணுக்கு வேலை இருந்தது. அதை அப்படியே விட்டோம்.

மாணவிக்கு ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி வந்தது. இரண்டு இடத்தில் மட்டும் வாக்கியம் ஸ்லைடு மாறும்போது நடுவில் மாட்டிக்கொண்டது: பாதி வாக்கியம் பழைய ஸ்லைடில், மீதி புதியதில். பவர்பாயின்ட்டிலேயே குரலைப் பதிவு செய்பவர்கள் இதை விடவே கூடாது. அது குரலை ஸ்லைடு வாரியாகச் சேமிக்கிறது, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த நேரத்தில் பதிவு செய்வதில்லை. அங்கே பேசிக்கொண்டிருந்தால் ஒரு சொல் விழுங்கப்பட்டுவிடும். வாக்கியத்தை முடித்து, நிறுத்தி, மாற்றி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தொடங்க வேண்டும். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு பகுதியும் முழு வாக்கியத்தில் தொடங்கி முழு வாக்கியத்தில் முடிகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

ஐப்பசி மழையில் தகரக் கூரை வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஐந்தாவது ஸ்லைடில் பேசும்போது மழை கொட்டித் தீர்த்தால், மழை விடும்வரை காத்திருந்து அந்த ஸ்லைடை மட்டும் மறுபடி பேசிவிடலாம். வாக்கியங்கள் ஸ்லைடு தாண்டி ஓடியிருந்தால் நாலையும் ஆறையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.